அம்மாவின் மழைக்கோட்டும் ஒரு ரூபாய் நாணயமும்

போன அக்டோபரில் ஒரு ராத்திரி, எட்டேகால் மணிக்கு அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "ஜாக்கெட் முதுகுல ஒழுகுதுடா. உள்ள எல்லாம் நனைஞ்சுபோச்சு. சாம்பார் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோ." அவ்வளவுதான்.

எங்க அம்மா ஸ்டாஃப் நர்ஸ். நைட் ஷிஃப்ட் எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பதினோரு கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோடு. அன்றைக்குப் பெய்த மழையில் நனைஞ்ச யூனிஃபார்மோடு அவங்க பன்னிரண்டு மணி நேரம் ஏ.சி. வார்டில் நின்றிருக்காங்க. மெசேஜைப் படிச்சதும் எனக்கு சாம்பார் இறங்கலை. ஏன் ஒழுகுதுன்னு இந்த உலகத்தில் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்.

செப்டம்பரில் பசங்களோடு ஏற்காடு போனப்போ அந்த மெரூன் ஜாக்கெட்டைக் கேட்காமல் எடுத்துட்டுப் போயிருந்தேன். குறுக்கு வழின்னு ஒரு எஸ்டேட் முள்வேலிக்கு அடியில் குனிஞ்சு நுழைஞ்சோம். முதுகில் 'சர்ர்'ன்னு ஒரு சத்தம். இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே, 'எல்' எழுத்து மாதிரி ஒரு கிழிசல். ஒரு கால் நாலு சென்டிமீட்டர், இன்னொரு கால் ரெண்டரை. நாலு வருஷம் முன்னாடி தீபாவளி போனஸில் அம்மா தனக்காக வாங்கிய ஒரே பொருள் அது.

வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் "ரிப்பேர்" பண்ணினேன். பெட்டிக்கடையில் கிடைக்கிற இன்ஸ்டன்ட் பசையைக் கிழிசலின் ரெண்டு ஓரத்திலும் தடவி ஒட்டினேன். உள்பக்கம் பிரவுன் பேக்கிங் டேப்பை ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மெல்லிய கோடுதான் தெரிஞ்சது. பழைய ஆணியிலேயே மாட்டி வெச்சுட்டேன். மழை வர ஒரு மாசம் இருந்தது, நானும் மறந்துட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா வந்து ஜாக்கெட்டைக் கொடியில் போட்டப்போ எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க கேட்டது ஒண்ணுதான்: "கிழிஞ்சதுக்கு ஒண்ணுமில்ல. கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுட்டுப் போயிருப்பேன்ல?" இதுக்கு பதில் கிடையாது. "ஒரு வாரம் குடும்மா, ஒழுங்கா பண்ணித் தரேன்"ன்னு மட்டும் சொன்னேன்.

மக்களே, இனிமேல் வர்றது அந்த ஒரு வாரத்தின் கதை. உங்க ஜாக்கெட்டோ பேக்கோ கிழிஞ்சால் நான் பண்ணின முட்டாள்தனத்தை நீங்க பண்ணாமல் இருக்கலாம்.

முதலில் என் பழைய ஒட்டு ஏன் தோத்துப்போச்சுன்னு உட்கார்ந்து பார்த்தேன். பசை தடவிய ஓரம் கண்ணாடி மாதிரி விறைச்சுப்போய், சுத்தி வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்ஸ்டன்ட் பசை காய்ந்தால் கெட்டியாக, நொறுங்குகிற தன்மையோடு இருக்கும். துணியோ ஒவ்வொரு தடவை கை தூக்கும்போதும் மடங்கும். ரெண்டாவது மடிப்பிலேயே விரிசல் விட்டிருக்கும். அது மட்டுமில்லை, விறைச்ச ஓரம் முடிகிற இடத்தில் கிழிசல் இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் நீண்டிருந்தது.

பசையை விடப் பெரிய தப்பு ஒண்ணு இருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினால் ஒட்டுகிற பரப்பு எவ்வளவு? அந்தத் துணியின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். கிழிசலின் மொத்த நீளம் 65 மில்லிமீட்டர். பெருக்கினால் 6.5 சதுர மில்லிமீட்டர். ஒரு உளுந்தம்பருப்பை விடச் சின்ன இடத்தில் என் மொத்த நம்பிக்கையையும் வெச்சிருந்தேன். மூணாவது செமஸ்டரில் லேப் ஜாயின்ட், பட் ஜாயின்ட் ரெண்டுக்கும் படம் வரைஞ்சு மார்க் வாங்கினவன் நான். கொடியில் தொங்கின துணி எனக்கு அப்போ பட் ஜாயின்ட்டாகத் தெரியலை.

பேக்கிங் டேப் தோத்த காரணம் வேற. நான் அதைச் சதுரமாக வெட்டியிருந்தேன். நாலு மூலையில் மூணு மூலை சுருண்டு எழும்பியிருந்தது. ஒரு டேப்பை மேசை மேல் ஒட்டி, ஒட்டின திசையிலேயே பக்கவாட்டில் இழுத்துப் பாருங்க, அசையாது. அதே டேப்பின் மூலையை நகத்தால் தூக்கி மேலே இழுங்க, சுலபமாக வந்துரும். பக்கவாட்டில் இழுக்கும்போது மொத்தப் பரப்பும் சேர்ந்து தாங்குது. உரிக்கும்போது ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தாங்குது, அது விட்டதும் அடுத்த கோடு. மூலை என்பது அந்தக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்குகிற இடம். அதனால் ஒட்டுத் துண்டு பெரும்பாலும் நடுவில் விடுவதில்லை, மூலையிலிருந்துதான் கிளம்பும். இதற்கு மருந்து மூலையே இல்லாமல் வெட்டுவதுதான். அந்த ஒரு ரூபாய் நாணயம் இங்கேதான் உள்ளே வருது, கொஞ்சம் பொறுங்க.

அடுத்து, ஜாக்கெட் எதனால் ஆனதுன்னு பார்த்தேன். இதைப் பார்க்காமல் டேப் வாங்கக் கூடாது. உள் லேபிளில் நைலான், பி.யூ. கோட்டிங்னு இருந்தது. அதாவது வெளியே நைலான் நெசவு, உள்ளே பாலியூரித்தேன் பூச்சு. தண்ணியைத் தடுக்கிறது அந்த உள்பூச்சுதான். வெளிப்பக்கம் தண்ணி முத்து முத்தாக உருளுவதற்கு ஒரு மெல்லிய மெருகு கொடுத்திருப்பாங்க. தண்ணியை ஒட்டவிடாத மெருகு டேப்பையும் அவ்வளவாக ஒட்டவிடாது. நல்ல பிடிப்பு கிடைப்பது வழவழப்பான உள்பக்கத்தில். ஆனால் மழை வெளியிலிருந்து அழுத்தும், உள்ளே மட்டும் ஒட்டினால் தண்ணி துண்டைத் தள்ளிவிடப் பார்க்கும். அதனால் ரெண்டு பக்கமும் ஒட்டுவதுன்னு முடிவு பண்ணினேன்.

அதற்கு முன்னாடி ஒரு சோதனை. கீழ்விளிம்புக்கு உள்பக்கம் ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரிச்சேன். டேப்பில் எதுவும் வரலை. வெள்ளைச் செதில் செதிலாக வந்திருந்தாலோ, உள்பக்கம் பிசுபிசுன்னு இருந்தாலோ பூச்சே செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அப்போ எவ்வளவு நல்ல டேப்பும் வேலைக்கு ஆகாது, அது பூச்சோடதான் ஒட்டும், பூச்சு துணியை விட்டு வந்துரும். ஈரத்தோடு மடிச்சு ஸ்கூட்டி டிக்கியில் வெயிலில் வெச்சால் பாலியூரித்தேன் சீக்கிரம் இந்த நிலைக்கு வரும். அம்மா எப்பவும் கொடியில் காயப்போட்டுதான் மடிப்பாங்க, அதனால் தப்பிச்சது.

ரிப்பேர் டேப்பை ஆன்லைனில் ஆர்டர் பண்ணினேன். டென்ட், ஜாக்கெட்டுக்குன்னே விற்கிற நைலான் டேப், 7.6 சென்டிமீட்டர் அகல ரோல். பின்னாடி காகிதம் இருக்கும், உரிச்சு ஒட்டணும். கூடவே ஒரு சின்ன டியூப் பாலியூரித்தேன் சீம் சீலர். இது காய்ந்தாலும் ரப்பர் மாதிரி வளையும், இன்ஸ்டன்ட் பசைக்கு நேர் எதிர். பார்சல் வர நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் சுத்தம் பண்ணும் வேலைக்கே சரியாக இருந்தது. உண்மையில் மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான்.

முதல் பிரச்சினை, காய்ஞ்ச இன்ஸ்டன்ட் பசை. அசிட்டோன் அதைக் கரைக்கும்னு தெரியும், தங்கச்சியின் நெயில் பாலிஷ் ரிமூவர் கைக்கு வந்தது. நல்லவேளை, நேராகக் கிழிசலில் ஊத்தாமல் கீழ்விளிம்பில் ஒரு சொட்டு வெச்சுப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் உள்பூச்சு உப்பி, சுருங்கிப்போச்சு. நைலான் அசிட்டோனைத் தாங்கும், பூச்சு தாங்காது. அந்த வழி மூடியாச்சு. மிச்சம் இருந்தது கத்தரிக்கோல். விறைச்சுப்போன ஓரத்தை ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு மில்லிமீட்டர் நறுக்கி எடுத்தேன். ஏற்கனவே கிழிஞ்ச துணியில் இன்னும் வெட்டுவதற்குக் கை வரவே இல்லை. ஆனால் நொறுங்குகிற ஓரத்தின் மேல் ஒட்டினால் டேப்புக்கு அடியில் அது உடைஞ்சுக்கிட்டே இருக்கும். இப்போ கோடாக இருந்த கிழிசல் நாலு மில்லிமீட்டர் அகல இடைவெளியாச்சு.

ரெண்டாவது, பேக்கிங் டேப் விட்டுட்டுப் போன பசைப் பிசுக்கு. புது டேப் துண்டை அதன் மேல் அழுத்திச் சட்டுசட்டுன்னு உரிச்சால் பெரும்பகுதி அதோடு வந்துரும். இருபது தடவை பண்ணியிருப்பேன். பிறகு ஜாக்கெட்டை லேசான சோப்பில் கையால் துவைச்சு, ரெண்டு தடவை அலசினேன். துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் போடலை. அது துணி மேல் ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும், டேப் துணிக்குப் பதிலாக அந்தப் படலத்தில் ஒட்டும். மழை நாள் ஆச்சே, வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் ஒரு முழு ராத்திரியும் ஒரு பகலும் தொங்கவிட்டேன்.

கடைசி சுத்தம் ஆல்கஹாலில். மருந்து அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து வந்தப்போ அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாங்க.

"அது எதுக்குடா?"

"எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்கணும்மா."

"சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல எண்ணெய் சேர்த்திருப்பாங்கடா, தோல் வறண்டு போகாம இருக்க. நீ துடைச்சா போறதுக்குப் பதிலா தடவின மாதிரி ஆயிடும். இரு."

உள்ளே போய், ஊசி போடும் முன்னாடி துடைக்கிற ஆல்கஹால் ஸ்வாப் பாக்கெட் கொண்டுவந்தாங்க. கவரில் 70 சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்னு போட்டிருந்தது. எண்ணெய் கிடையாது, துடைச்ச கொஞ்ச நேரத்தில் ஆவியாகிடும். நான் யோசிச்சே பார்க்காத விஷயம். ஆமணக்கு எண்ணெய் சேர்க்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் உண்மையிலேயே உண்டு, உங்க வீட்டு பாட்டிலின் லேபிளைப் பாருங்க. அன்றைக்கு அம்மா மட்டும் எழுந்து வரலைன்னா, நாலு நாள் சுத்தம் பண்ணின இடத்தில் நானே எண்ணெய் பூசியிருப்பேன்.

கிழிசலைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்கு, உள்ளேயும் வெளியேயும் துடைச்சேன். ஸ்வாப் அழுக்காகாமல் வெள்ளையாகவே வரும்வரை மாத்தி மாத்தி துடைக்கணும். எனக்கு ஆறு ஸ்வாப் ஆச்சு. பத்து நிமிஷம் காயவிட்டேன். அதற்கப்புறம் அந்த இடத்தை விரலால் தொடவே இல்லை, விரலிலும் எண்ணெய் உண்டு.

இப்போ டேப். துண்டு எவ்வளவு பெரிசு வேணும்? கிழிசலின் எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டர் தாண்டணும். 'எல்'லின் ஒரு பக்கம் நாலு, அதோடு ரெண்டும் ரெண்டும் சேர்த்து எட்டு. இன்னொரு பக்கம் ரெண்டரை, அதோடு நாலு சேர்த்து ஆறரை. அதனால் உள்பக்கத் துண்டு எட்டுக்கு ஆறரை. வெளித்துண்டு ஒரு சென்டிமீட்டர் பெரிசு, ஒன்பதுக்கு ஏழரை. ரெண்டும் ஒரே அளவாக இருந்தால் ரெண்டின் ஓரமும் ஒரே கோட்டில் விழும், துணி அந்தக் கோட்டிலேயே திரும்பத் திரும்ப மடங்கும். அளவை மாத்தினால் விறைப்பு படிப்படியாகக் குறையும்.

காகிதத்தின் மேல் செவ்வகம் வரைஞ்சு, நாலு மூலையிலும் ஒரு ரூபாய் நாணயத்தை வெச்சு வட்டம் போட்டு, அந்த வளைவிலேயே வெட்டினேன். உரிய ஆரம்பிக்க ஒரு புள்ளியும் கிடையாது. இப்போ கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்க. உள்துண்டு மட்டுமே ஏறக்குறைய 45 சதுர சென்டிமீட்டர் ஒட்டுது. பழைய 6.5 சதுர மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் சுமார் எழுநூறு மடங்கு.

ஜாக்கெட்டை உள்பக்கம் மேலே வர்ற மாதிரி டைனிங் டேபிளில் விரிச்சேன். துணியை இழுத்துப் பிடிக்காமல், சுருக்கமும் இல்லாமல், அது இயல்பாகக் கிடக்கிற மாதிரி போடணும். இழுத்து வெச்சு ஒட்டினால் விட்டதும் துணி சுருங்கி, டேப்புக்கு அடியில் மடிப்பு விழும். டேப்பின் காகிதத்தை முழுசாக உரிக்கலை. நடுவில் மட்டும் கீறி ஒரு பட்டை உரிச்சு, அதைக் கிழிசலின் நடுவில் வெச்சு, அங்கிருந்து ரெண்டு பக்கமும் மிச்சக் காகிதத்தை இழுத்துக்கிட்டே விரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கிட்டு வந்தேன். காற்றுக் குமிழி எதுவும் மாட்டலை. திருப்பிப் போட்டு வெளித்துண்டையும் அதே மாதிரி ஒட்டினேன். நாலு மில்லிமீட்டர் இடைவெளியில் ரெண்டு டேப்பின் பசையும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிச்சு.

பிறகு எவர்சில்வர் டம்ளரின் அடியால் ஐந்து நிமிஷம் அழுத்தித் தேய்ச்சேன். இந்த மாதிரி டேப்பில் இருக்கிற பசை காய்ந்து இறுகுவது கிடையாது. மெதுவாக ஓடுகிற கூழ் மாதிரி, அழுத்தம் கொடுக்கக் கொடுக்க நெசவின் பள்ளங்களுக்குள் இறங்கும். இறங்கி முடிக்க நேரம் வேணும். அதனால் 24 மணி நேரம் மடிக்காமல், நனைக்காமல் விட்டேன். ஒட்டின அஞ்சு நிமிஷத்தில் மழையில் கொண்டுபோய் "இந்த டேப் சரியில்லை"ன்னு சொல்றது அநியாயம்.

அம்மாகிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி சோதிச்சே ஆகணும். ஒரு தடவை சோதிக்காமல் கொடுத்த பாவம் இருக்கு. காலி வாளியின் அடியில் காய்ஞ்ச நியூஸ்பேப்பரைப் போட்டேன். ஒட்டின இடத்தை, மழை படுகிற பக்கம் மேலே இருக்கிற மாதிரி, வாளி வாயில் கிண்ணம் போலத் தொங்கவிட்டு, சுத்தி கிளிப் மாட்டினேன். அந்தக் கிண்ணத்தில் ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் டைமர் வெச்சேன்.

பன்னிரண்டாவது நிமிஷம் பேப்பரில் ஒரு சொட்டு.

அந்த நிமிஷம் எப்படி இருந்ததுன்னு சொல்ல வேண்டியதில்லை. தண்ணியைக் கொட்டிட்டு, உள்பக்கம் டிஷ்யூவை வெச்சு ஒத்தி ஒத்திப் பார்த்தேன். துண்டின் நடு காய்ஞ்சே இருந்தது. மேல் ஓரத்தில் ஒரே ஒரு இடம் ஈரம். அங்கே தோள் தையல் ஓடுது. தையல் ஒரு சின்ன வரப்பு மாதிரி மேடாக இருக்கும். டேப் அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது, மேட்டின் ரெண்டு பக்கமும் முழுசாகப் படியாமல் கூடாரம் போல நின்னிருந்தது. அதனால் மேட்டை ஒட்டி ஊசி நுழையற அளவுக்கு ஒரு சுரங்கம். வெளித்துண்டிலும் அதே இடத்தில் ஒரு சுரங்கம். தண்ணி வெளிச் சுரங்கத்தில் நுழைஞ்சு, கிழிசலுக்கு வந்து, உள் சுரங்கம் வழியாக வெளியேறியிருக்கு. டேப்பால் மட்டும் இதைச் சரி பண்ண முடியாது. டேப் சமதளத்துக்கு. மேடு பள்ளத்தை நிரப்பப் பசை வேணும்.

சீம் சீலர் டியூபை அப்போதான் திறந்தேன். முதலில் அந்த இடத்தைக் காயவெச்சு, திரும்ப ஸ்வாப்பால் துடைச்சேன். ஜன்னலைத் திறந்துவெச்சு, கையுறை போட்டுக்கிட்டேன், வாசனை தலைக்கு ஏறும். பல்குத்தும் குச்சியால் ஒரு மெல்லிய இழை மாதிரி பசையை எடுத்து ரெண்டு சுரங்க வாயிலும் தள்ளி நிரப்பி, தையல் ஓரமாக ரெண்டு சென்டிமீட்டர் நீட்டினேன். பக்கத்தில் கம்பெனி ஒட்டின தையல் டேப்பும் ஒரு விரல்கடை தூரம் எழும்பியிருந்தது, அதுக்கு அடியிலும் தடவி அழுத்திவிட்டேன். இந்தப் பசை காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கிட்டுதான் இறுகும். அதனால் மழைக்காலச் சென்னைக் காத்து இதுக்குத் தொந்தரவு இல்லை, உதவி. ஆனால் தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டிக்கிட்டு உள்ளே பச்சையாகவே இருக்கும், மெல்லிசாகத்தான் பூசணும். ஒரு ராத்திரி விட்டு, காலையில் மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினேன், மடிச்சு வெச்சால் ஒண்ணோடொண்ணு ஒட்டாமல் இருக்க. மிச்ச டியூபை இறுக்கி மூடி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வெச்சேன், வெளியே விட்டால் திறந்த டியூப் கல்லாகிடும்.

ரெண்டாவது வாளி சோதனை. அரை மணி நேரம். பேப்பர் மொறுமொறுன்னு இருந்தது.

வெற்றி மிதப்பில் ஒரு தப்பும் பண்ணினேன், அதையும் சொல்லிடறேன். என் கிளாஸ்மேட் ஒருத்தன் தன்னோட ரெயின்கோட்டைக் கொண்டுவந்தான். ரோட்டோரக் கடையில் தொங்குமே, தடியாக, பளபளன்னு, புது பீச் பால் வாசனை அடிக்குமே, அந்த பி.வி.சி. ரகம். மிச்ச டேப்பை அதே மாதிரி துடைச்சு ஒட்டிக்கொடுத்தேன். மூணு வாரத்தில் துண்டு ஒரு விரல்கடை நகர்ந்து, ஓரமெல்லாம் வெல்லப்பாகு மாதிரி வழிஞ்சிருந்தது. பி.வி.சி. இயல்பில் கெட்டியான பொருள், பைப் மாதிரி. அதை வளையவைக்க ஒரு எண்ணெய்ப் பதமான பொருளைச் சேர்ப்பாங்க, பிளாஸ்டிசைசர். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிஞ்சு டேப்பின் பசைக்குள் போய் அதையும் இளக்கிடும். எவ்வளவு துடைச்சாலும் உள்ளேயிருந்து வந்துக்கிட்டேதான் இருக்கும். அதனால்தான் டியர்-எய்ட் மாதிரி ரிப்பேர் டேப்பிலேயே துணிக்கு டைப் ஏ, வினைலுக்கு டைப் பி-ன்னு தனித்தனியாக விற்கறாங்க. பி.வி.சி.க்கு, குழந்தைகள் காற்றடைச்ச குளத்தோடு வர்ற மாதிரி வினைல் துண்டும் வினைல் பசையும்தான் சரி. டேப் கொஞ்சம்கூட ஒட்டவே மாட்டேங்குதுன்னா அது சிலிக்கான் பூசின துணியாக இருக்கலாம், எடை குறைஞ்ச சில டென்ட்களில் வரும். அதில் சிலிக்கான் பசை மட்டும்தான் நிற்கும்.

அம்மாவின் ஜாக்கெட் நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசமும் ஓடிடுச்சு. ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் ஓரத்தைப் பார்ப்பேன். துண்டைச் சுத்தி கறுப்பாக ஒரு அழுக்குக் கோடு விழுந்தால் அங்கே ஓரம் எழும்ப ஆரம்பிச்சிருக்கு, தூசி பசையில் ஒட்டுதுன்னு அர்த்தம். கீழ்ப்பக்கம், பேக் பட்டை உரசும் இடத்தில், ஒரு சென்டிமீட்டருக்கு லேசாக விழுந்திருக்கு. ஃப்ரீசரில் இருக்கிற டியூபுக்கு அடுத்த வேலை அதுதான். வாஷிங் மெஷினில் போட வேண்டாம்னு சொல்லியிருக்கேன். மெரூன் ஜாக்கெட்டில் கறுப்புத் துண்டு நல்லாவே தெரியும், அந்த நிற டேப்தான் கிடைச்சது. ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டிருக்காங்க. "என் பையன் கிழிச்சான், என் பையனே ஒட்டினான்"ன்னு சொன்னாங்களாம்.

முதல் பெருமழை நாளில் எட்டேகாலுக்கு நான் ஃபோனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு மெசேஜ் வந்தது.

"முதுகு காஞ்சிருக்கு. பேன்ட் மட்டும் நனைஞ்சிருக்கு. என் டிபன் பேக் அடியில ஒரு ஓட்டை இருக்கு, ஞாயித்துக்கிழமை பாரு."